ஞாயிறு மதியம் இன்வெர்ட்டர் நிற்கிறதா? சிறு தொழிற்சாலையின் நெட் மீட்டரிங் கோப்பில் பிழை பார்க்கும் முறை

பினாங்கின் செபராங் பிறையில் ஜூரு, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் பக்கம் போனால் இணை வீடுகள் போல ஒட்டி ஒட்டி நிற்கும் சின்னத் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும். இப்போது அவற்றில் பல கூரைகளில் சோலார் ஏறிவிட்டது. பேனல் பொருத்துவது நாலைந்து நாள் வேலை. விண்ணப்பத்தோடு போகும் தொழில்நுட்பக் கோப்புதான் ஆளை அலைக்கழிக்கிறது. அதிலும் பாதுகாப்பு அமைப்பு எண்கள் இருக்கும் அந்த ஒரு தாள், கோப்பு திரும்பி வருவதில் தொடங்கி, சிஸ்டம் ஓட ஆரம்பித்த பிறகு வரும் பில் வரைக்கும் தொந்தரவு கொடுக்கிறது.

உபரி சோலார் மின்சாரத்தை மின் நிறுவனமான டி.என்.பி.க்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் 3.0 என்ற நெட் மீட்டரிங் திட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்து, அதன் இடத்தில் 2026 ஜனவரி 1 முதல் சோலார் அத்தாப் திட்டம் வந்துவிட்டது. உபரி மின்சாரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு மாறியிருக்கிறது. ஆனால் 400 வோல்ட் இணைப்பில் இன்வெர்ட்டர் எப்போது நிற்க வேண்டும், கேபிளில் வோல்ட்டேஜ் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் திட்டத்தின் பெயரைப் பார்த்து மாறுவதில்லை. அதனால் இங்கே பணக்கணக்கை விட்டுவிட்டு அறிகுறிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி வரை ஒரே தொழிற்சாலையை வைத்தே பேசலாம். புக்கிட் மின்யாக்கில் மசாலா அரைக்கும் ஆலை. டி.என்.பி. சப்ளை 400/230 வோல்ட், மூன்று ஃபேஸ், பெரிய மின்னோட்டத்தைச் சிறிதாக்கி அளக்கக் கொடுக்கும் சி.டி. வைத்த மீட்டர். அதிகபட்ச தேவை 85 கிலோவாட். கூரையில் 580 வாட் பேனல் 120, அதாவது 69.6 கிலோவாட் பீக். 60 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: மூன்று ஃபேஸில் 72 கிலோவாட்டைத் தாண்டினால் எரிசக்தி ஆணையத்திடம் உற்பத்தி உரிமம் எடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் கூரைக்குக் கீழே மெஸனைன் மாடியில் மாட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மெயின் ஸ்விட்ச்போர்டுக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 60 மீட்டர் ஓடுகிறது. இந்த 60 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கோப்பு "திருத்தி அனுப்பவும்" என்று திரும்பி வருகிறது

திரும்பி வந்த கோப்பைப் பிரித்ததும் தேட வேண்டியது விடுபட்ட பக்கத்தை அல்ல, ஒன்றோடொன்று முரண்படும் எண்களை. ஒற்றைக்கோட்டு வரைபடம், இன்வெர்ட்டரின் தரவுத்தாள், பாதுகாப்பு அமைப்புத் தாள், இந்த மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சரிபார்க்கும் அதிகாரியும் அதையேதான் செய்கிறார்.

முதலில் பிரேக்கர். 60 கிலோவாட்டை 400 வோல்ட்டில் வகுத்தால் வருவது இது:

```
I = 60000 / (√3 × 400) = 86.6 A
```

இதைப் பார்த்துவிட்டு 100 ஆம்பியர் பிரேக்கர் போதும் என்று வரைந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த இன்வெர்ட்டர் 66 கே.வி.ஏ. வரை கொடுக்கும் என்று தரவுத்தாள் சொல்கிறது. அப்போது மின்னோட்டம் 95.3 ஆம்பியர். மணிக்கணக்கில் முழு அளவில் ஓடும் சுமை என்பதால் 1.25-ஆல் பெருக்கினால் 119. ஆக 125 ஆம்பியர் பிரேக்கர். தாங்குமா என்று கேபிளையும் பார்க்க வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் கவசக் கேபிளைச் சுவரில் பிடித்துக் கொண்டுபோனால் சுமார் 154 ஆம்பியர், 40 டிகிரி வெப்பத்துக்குக் குறைத்தால் 140. 125-க்கு மேல் இருப்பதால் சரி. இந்த நாலு வரிக் கணக்கை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

அடுத்து ஜென்செட். வரைபடத்தில் இது இல்லாமலேயே போய்விடுகிறது, ஏனென்றால் சோலார் வரைபவருக்கு ஜென்செட் தன் வேலையாகத் தோன்றுவதில்லை. இந்த ஆலையில் மின்தடைக்கு ஒரு டீசல் ஜென்செட்டும், தானாக மாறும் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்சும் இருக்கின்றன. சோலாரை சேஞ்ச்-ஓவருக்குப் பிறகு, சுமைகள் இருக்கும் பக்கம் இணைத்தால், மின்சாரம் போய் ஜென்செட் ஓடத் தொடங்கியதும் இன்வெர்ட்டருக்கு அது டி.என்.பி. சப்ளை மாதிரியே தெரியும். சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு அதோடு சேர்ந்துகொள்ளும். மதிய நேரத்தில் சுமை குறைவாக இருந்தால் மின்சாரம் ஜென்செட்டுக்குள் திரும்பிப் பாயும். ஓட்டத்தில் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது எளிது: சுமை மாறாமலேயே எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும், ஜென்செட் பேனலில் கிலோவாட் பூஜ்யத்தை நோக்கிச் சரியும், ரிவர்ஸ் பவர் என்று அலாரம் வரும். தீர்வு, சோலாரை சேஞ்ச்-ஓவருக்கு முன்னால், டி.என்.பி. பக்கத்தில் இணைப்பது. இடம் இல்லையென்றால் ஜென்செட் ஓடும்போது சோலார் கான்டாக்டரைத் திறந்தே வைக்கும் இன்டர்லாக். இரண்டில் எது என்றாலும் வரைபடத்தில் தெளிவாக வரைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அமைப்புத் தாள். "இன்வெர்ட்டர் தொழிற்சாலை அமைப்புப்படி" என்று ஒரே வரியில் எழுதிய தாளை நானே பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எண் வேண்டும். இந்த ஆலைக்கு நாங்கள் கொடுத்தது இது:

```
U>>   310.5 V   0.05 s
U>    253.0 V   2.0 s
U<    195.5 V   2.0 s
U<<   115.0 V   0.1 s
f>    52.0 Hz   0.2 s
f<    47.0 Hz   0.2 s
Reconnect       120 s
```

U என்பது வோல்ட்டேஜ், f என்பது அதிர்வெண்; எல்லையைத் தாண்டினால் பக்கத்தில் உள்ள நொடிக்குள் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும். வோல்ட்டேஜ் எண்கள் 230-இன் சதவீதங்கள்: 135, 110, 85, 50. ஐ.இ.சி. 61727 தரநிலையில் உள்ள படிகள் இவை. மேல் எல்லையான 253 வோல்ட் இன்னொரு இடத்திலும் வருகிறது. நம் நாட்டில் சப்ளை வோல்ட்டேஜ் 230-இலிருந்து 10 சதவீதம் மேலேயும் 6 சதவீதம் கீழேயும் போகலாம், அதாவது 216-லிருந்து 253 வரை. டி.என்.பி. கொடுக்க அனுமதி உள்ள உச்சமும், இன்வெர்ட்டர் நிற்க வேண்டிய இடமும் ஒரே எண். நடுவில் இடைவெளியே இல்லை. கீழே வரும் பெரிய தொந்தரவுக்கு வேர் அதுதான். உங்கள் இணைப்புக்கு டி.என்.பி. கொடுக்கும் கடிதத்தில் வேறு எண் இருந்தால், அந்த எண்தான் தாளில் ஏற வேண்டும்.

அறிகுறி: தாளில் ஒன்று, திரையில் ஒன்று

சோதனை நாளில் சப்ளையைத் துண்டித்துப் பார்க்கிறார்கள். இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் நிற்கிறது, அது சரி. சப்ளை திரும்பியதும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 120 நொடி என்று எழுதியிருக்கிறது, ஆனால் 60 நொடியிலேயே இன்வெர்ட்டர் சேர்ந்துகொள்கிறது. இப்படி நடந்தால் மற்ற எண்களைத் தனித்தனியாகச் சந்தேகப்பட வேண்டாம். முதல் தடவை ஆன் செய்தபோது, நாட்டுக்கு நாடு மாறும் இந்த எண்களின் தொகுப்பான கிரிட் கோட் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. 60 நொடி என்பது ஜெர்மன் விதியில் உள்ள காத்திருப்பு. அதே விதியில் அதிர்வெண் எல்லை 47.5 முதல் 51.5 ஹெர்ட்ஸ். திரையில் அந்த இரண்டு எண்களும் இருந்தால் சந்தேகமே இல்லை.

மலேசியா கோடைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகும் ஒவ்வொரு வரியையும் தாளோடு ஒப்பிட்டு, திரையைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். மென்பொருள் புதுப்பித்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். சில மாடல்களில் புதுப்பிப்பு முடிந்ததும் எண்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

அறிகுறி: ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இன்வெர்ட்டர் விழுகிறது

மீட்டர் மாற்றி, எல்லாம் ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரம் ஆலையின் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன் கூப்பிட்டார். "அண்ணே, வேலை நாள்ல ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு மேலதான் விழுது. திரும்ப ஏறுது, திரும்ப விழுது."

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. வேலை நாளில் அரவை மோட்டார்கள் சோலார் மின்சாரத்தைத் தின்றுவிடுகின்றன. ஞாயிறு அவை நிற்பதால் முழு 60 கிலோவாட்டும் கேபிள் வழியே பின்னோக்கி டி.என்.பி. துணை மின்நிலையத்துக்குப் போக வேண்டும். மின்னோட்டம் எந்தத் திசையில் போகிறதோ, அதன் தொடக்கத்தில்தான் வோல்ட்டேஜ் உயரமாக இருக்கும். ஆகவே இன்வெர்ட்டர் முனையில் அது உச்சம். அந்தப் பகுதித் தொழிற்சாலைகள் எல்லாம் அன்று மூடியிருப்பதால் டிரான்ஸ்ஃபார்மரிலும் சுமை இல்லை. நம் பக்கம் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குபவை. 433 என்பது ஒரு ஃபேஸுக்கு 250. சுமை இல்லாத நாளில் தொடக்கமே 250-க்குப் பக்கத்தில் இருக்கும்.

காரணத்தை ஊகித்து உடனே எதையும் மாற்றக் கூடாது. மூன்று அளவுகள் எடுக்க வேண்டும், மூன்றும் ஒரே ஞாயிறு மதியம், அளவுதிருத்தம் செய்த ஒரே மீட்டரால். ஒன்று, இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு மெயின் போர்டில். இரண்டு, இன்வெர்ட்டர் முழு அளவில் ஓடும்போது மெயின் போர்டில். மூன்று, அதே நேரம் இன்வெர்ட்டர் முனையில். இந்த ஆலையில் கிடைத்தவை 248.4, 250.3, 253.5 வோல்ட்.

மூன்று எண்களும் மூன்று பொறுப்பாளிகளைக் காட்டுகின்றன. முதல் எண் டி.என்.பி.யுடையது. 248.4 என்பது அவர்களின் 253 எல்லைக்குள் இருக்கிறது, எனவே புகார் செய்ய இடமில்லை. அதுவே 253-ஐத் தாண்டியிருந்தால், இன்வெர்ட்டர் நின்றிருக்கும் நிலையில் எடுத்த பதிவோடு அவர்களிடம் போகலாம், டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை இறக்கச் சொல்லிக் கேட்கலாம். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள 1.9 வோல்ட், துணை மின்நிலையத்திலிருந்து வரும் சர்வீஸ் கேபிளில் ஏறியது. அது 185 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், 120 மீட்டர். அதன் தடையை மீட்டரில் அளந்ததோடு ஒத்துப்பார்க்கலாம்:

```
I = 60000 / (3 × 250) = 80 A
0.2 Ω/km × 0.12 km × 80 A = 1.9 V
```

அளவும் கணக்கும் ஒத்துப்போனதால் அங்கே கோளாறு எதுவும் இல்லை.

மிச்சமிருக்கும் 3.2 வோல்ட் முழுக்க முழுக்க நம்முடையது. அது அந்த 60 மீட்டர் கேபிளில் ஏறுகிறது. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஆம்பியருக்கும் மீட்டருக்கும் 1.15 மில்லிவோல்ட் என்பது அட்டவணை எண். இது மூன்று ஃபேஸுக்கான லைன் வோல்ட்டேஜ் எண் என்பதால் ஃபேஸுக்கு மாற்ற √3-ஆல் வகுக்க வேண்டும்:

```
1.15 × 80 × 60 / 1000 = 5.5 V
5.5 / √3 = 3.2 V
```

இங்கேயும் அளந்ததும் கணக்கும் ஒன்றே. அப்படியென்றால் கேபிள் முனையில் உள்ள லக் தளர்வோ கேபிள் பழுதோ இல்லை. கேபிள் நல்ல கேபிள்தான், தூரத்துக்குச் சின்னதாகப் போய்விட்டது. மின்னோட்டம் தாங்குமா என்று மட்டும் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இது.

அளவு கணக்கைவிட அதிகமாக வந்தால், குறிப்பாக ஒரே ஒரு ஃபேஸில் மட்டும் அதிகமாக வந்தால், கதை வேறு. அப்போது முனைகளைத் திறந்து பார்க்க வேண்டும். சப்ளையையும் சோலாரையும் இரண்டு பக்கமும் பிரித்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகுதான், அதுவும் தகுதிச் சான்றுள்ளவர் கையால். லக்கைச் சுற்றியுள்ள சுருங்கு உறையைக் கவனியுங்கள். நல்ல முனையில் அது மென்மையாக, ஒரே நிறமாக இருக்கும். சூடு கண்ட முனையில் லக்கை ஒட்டிய ஓரம் பழுப்பாகி, நகத்தால் அழுத்தினால் வளையாமல் பொடியும். போல்ட் தலைக்கும் வாஷருக்கும் நடுவே செம்பு மங்கலாக நீலம் பாய்ந்திருக்கும். ஒரு ஃபேஸ் ஏறி இன்னொன்று இறங்கினால் நியூட்ரலை முதலில் பாருங்கள். நியூட்ரல் விட்டுப்போகும் நிலையில் இருந்தால் அலுவலகத்தின் ஏர்கண்டிஷனர், கணினி எல்லாம் போய்விடும். அதைக் கண்டுபிடித்த நிமிடமே சோலாரை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் இதோடு சேர்த்துச் செய்யலாம். இன்வெர்ட்டர் திரையில் தெரியும் வோல்ட்டேஜை உங்கள் மீட்டரோடு ஒப்பிடுங்கள். திரை 1 சதவீதம் கூட்டிக் காட்டினாலே இரண்டரை வோல்ட் போய்விடுகிறது. இங்கே நாம் சண்டை போடுவதே அரை வோல்ட்டுக்காக. வித்தியாசம் தரவுத்தாளில் சொன்ன அளவைத் தாண்டினால் அது உத்தரவாதத்தில் கேட்க வேண்டிய விஷயம்.

சரி, எப்படித் தீர்ப்பது? முதலாளிக்கு முதலில் தோன்றுவது 253-ஐ 264 ஆக்கிவிடுவதுதான். அதைச் செய்யவே கூடாது. இன்வெர்ட்டர் விழுவது நிற்கும், ஆனால் அதே வோல்ட்டேஜ் ஆலைக்குள்ளும் பக்கத்துக் கடைக்குள்ளும் பாயும். கையெழுத்திட்டுக் கொடுத்த தாளும் பொய்யாகிவிடும். 253 என்ற எண் சரியாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

கேபிளை 70 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் ஏற்றம் 3.2-லிருந்து 1.7 வோல்ட்டுக்கு இறங்குகிறது. இன்வெர்ட்டர் முனையில் 252.0. எல்லைக்குக் கீழே ஒரு வோல்ட்தான் இடம். டி.என்.பி. பக்கம் 248.4 என்பது 249.5 ஆகும் ஒரு ஞாயிறில் மறுபடி விழும். அதனால் இந்த ஆலைக்கு நான் விரும்பிய வழி வேறு: இன்வெர்ட்டரையே மெஸனைனிலிருந்து இறக்கி மெயின் போர்டு அறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவது. மாற்று மின்னோட்டக் கேபிள் 10 மீட்டராகச் சுருங்கினால் ஏற்றம் அரை வோல்ட்தான், முனையில் 250.8. நீண்ட தூரத்தை இப்போது டி.சி. கேபிள்கள் கடக்கும். அங்கே தொடராக இணைத்த பேனல்களின் ஒவ்வொரு சரத்திலும் வோல்ட்டேஜ் அதிகம், மின்னோட்டம் குறைவு, அதனால் இழப்பு பொருட்டில்லை. அந்த டி.சி. கேபிள்களை ஆலைக்குள் இரும்புக் குழாய்க்குள் கொண்டுவந்து, வழிநெடுக எச்சரிக்கை ஒட்ட வேண்டும். அரவை ஆலையில் தூசு படியும் என்பதால் இன்வெர்ட்டரைக் கதவுக்கு உள்ளே, காற்றோட்டம் உள்ள இடத்தில் வைப்பதும் முக்கியம்.

இது எல்லாமே விண்ணப்பக் கட்டத்திலேயே தெரிந்திருக்கக்கூடியது. ஒரு ஞாயிறு மதியம் மெயின் போர்டில் வோல்ட்டேஜைப் பதிவு செய்து, அந்த எண்ணின் மேல் இரண்டு கேபிள்களின் ஏற்றத்தையும் கூட்டிப் பார்த்தால் போதும். ஆலைக்குள் ஏற்றம் 1 சதவீதத்தை, அதாவது 2.3 வோல்ட்டைத் தாண்டும் வடிவமைப்பை நான் கோப்பில் சேர்ப்பதில்லை. தொடக்க வோல்ட்டேஜ் 248-க்கு மேல் என்றால் அதுவே அதிகம்.

லாகில் "10 min" என்று சேர்த்து ஓவர்வோல்ட்டேஜ் செய்தி வந்தால், 2 நொடி எல்லை அதைத் தூண்டவில்லை. ஐரோப்பியக் கோடுகளில் 10 நிமிட சராசரிக்கென்று தனி எல்லை உண்டு. அப்போது மேலே சொன்ன கிரிட் கோட் பகுதிக்குத் திரும்புங்கள், கேபிளைத் தொட வேண்டாம்.

அறிகுறி: இரவு மழை, காலையில் சோலார் பிரேக்கர் விழுந்து கிடக்கிறது

இதில் முதல் கேள்வி: விழுந்தது எது? இன்வெர்ட்டர் தானே நின்று, இன்சுலேஷன் குறைவு என்று செய்தி காட்டினால் குறை கூரையில். நனைந்த கனெக்டர், எலி கடித்த கேபிள், பேனல் சட்டத்தில் நசுங்கிய வயர். வெயில் ஏறக் காய்ந்து தானே சரியாகும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். சரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரம் காயும் முன்பே இன்சுலேஷன் சோதனை செய்தால்தான் பிடிபடும். மத்தியானம் போய்ச் சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும்.

இன்வெர்ட்டர் குறை சொல்லாமல், ஸ்விட்ச்போர்டில் எர்த் லீக்கேஜ் ரிலே மட்டும் விழுந்திருந்தால் அது அமைப்பு எண்ணின் பிரச்சினை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பேனல்களுக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையே கெபாசிட்டன்ஸ் இருப்பதால் கொஞ்சம் கசிவு எப்போதும் ஓடும். ஈரத்தில் அது கூடும். ஐ.இ.சி. 62109-2 தரநிலை 30 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட இன்வெர்ட்டரில் ஒரு கே.வி.ஏ.க்கு 10 மில்லி ஆம்பியர் வரை தொடர் கசிவை அனுமதிக்கிறது. 60 கே.வி.ஏ. என்றால் 600. அதற்கு மேலே வழக்கப்படி 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ரிலேயை மாட்டிவிட்டால், இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடும்போதே அது விழக்கூடும். திடீரென்று 30 மில்லி ஆம்பியர் ஏறினால் 0.3 நொடிக்குள் நிற்கும் கண்காணிப்பு இன்வெர்ட்டருக்குள் தனியாக இருக்கிறது. ஆளைத் தொட்டால் காப்பாற்றுவது அது. வெளி ரிலே கேபிளைக் காப்பதற்கு. அதன் மின்னோட்டத்தையும் தாமதத்தையும் இன்வெர்ட்டரின் எல்லைக்கு மேலே வைத்து, அந்த எண்ணையும் அமைப்புத் தாளில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். சோலாருக்கும் ஆலையின் பிளக்குகளுக்கும் பொதுவாக ஒரே ரிலே இருந்தால் அதன் எண்ணை உயர்த்தாதீர்கள். சோலாரைத் தனி ஃபீடராகப் பிரியுங்கள்.

அறிகுறி: யூனிட் குறைந்தது, பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் வந்தது

முதலாளிகள் நொந்துபோவது இதில்தான். சோலார் போடும்வரை இந்த வரி பில்லில் இருந்ததே இல்லை. "தம்பி, பேனல் போட்டதுக்கு அபராதமா?" என்று கேட்டார் இந்த ஆலைக்காரர். அவர் கேட்டது நியாயம். விண்ணப்பத்தின்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சோலார் கிலோவாட்-மணியை மட்டும்தான் குறைக்கிறது. மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய, வேலையாக மாறாமல் வந்துபோகும் ரியாக்டிவ் பங்கு முன்பு போலவே டி.என்.பி.யிடமிருந்துதான் வருகிறது. முன்பு மாதம் 12,000 கிலோவாட்-மணியும் 6,500 கே.வி.ஏ.ஆர்-மணியும் வாங்கினார்கள்:

```
PF = 12000 / √(12000² + 6500²) = 0.88
```

இப்போது சோலாரிலிருந்து 5,000 நேரடியாக ஆலைக்குள்ளேயே செலவாகிறது. வாங்குவது 7,000. ரியாக்டிவ் அதே 6,500:

```
PF = 7000 / √(7000² + 6500²) = 0.73
```

0.85-க்குக் கீழே ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 சதவீதம், 0.75-க்குக் கீழே ஒவ்வொரு 0.01-க்கும் 3 சதவீதம். 0.75 வரை 15, பிறகு 0.73 வரை 6, ஆக 21 சதவீதம். மோட்டார் எதுவும் கெடவில்லை. மீட்டரும் சரி. பின்னத்தின் மேல் பகுதி சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

0.90-க்குத் திரும்ப, 7,000-க்கு 3,390 கே.வி.ஏ.ஆர்-மணிக்கு மேல் வாங்கக் கூடாது. மாதம் 3,110 குறைய வேண்டும். ஆலை மாதம் சுமார் 260 மணி நேரம் ஓடுகிறது. வகுத்தால் 12 கே.வி.ஏ.ஆர். சுமை ஏறி இறங்கும் என்பதால் படிப்படியாக இணையும் 20 கே.வி.ஏ.ஆர். கூடுதல் கெபாசிட்டர் பேங்க் போதுமானது.

பேங்க் ஏற்கெனவே இருந்து, சோலார் வந்த பிறகு தப்பாக வேலை செய்தால், அதன் கன்ட்ரோலருக்கு அளவு கொடுக்கும் சி.டி. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சோலார் இணைப்புக்கும் சுமைகளுக்கும் நடுவில் இருந்தால் அதற்கு டி.என்.பி. பக்கம் நடப்பது தெரியாது. சி.டி. மீட்டர் பக்கம், சோலார் இணைப்புக்கு மேலே இருக்க வேண்டும். அங்கே வைத்தால் ஏற்றுமதி நேரத்தில் மின்னோட்டம் திரும்பி ஓடுவதையும் கன்ட்ரோலர் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கன்ட்ரோலர்கள் அதைக் குழப்பிக்கொண்டு படிகளை மாறி மாறிச் சேர்க்கும், விடும். கான்டாக்டர் டக் டக்கென்று அடிக்கும் சத்தமே அடையாளம். நான்கு திசையும் அறியும் கன்ட்ரோலர் அப்போது தேவை.

இன்வெர்ட்டரே ரியாக்டிவ் கொடுக்குமே, கெபாசிட்டர் எதற்கு என்று கேட்கலாம். கொடுக்கும். 60 கிலோவாட்டோடு 12 கே.வி.ஏ.ஆர். சேர்த்தாலும் 61.2 கே.வி.ஏ.தான், 66-க்குள் அடங்குகிறது. ஆனால் ரியாக்டிவ் கொடுத்தால் வோல்ட்டேஜ் சற்று ஏறும், நாம் ஞாயிறு மதியம் இறக்கப் பாடுபட்ட அதே வோல்ட்டேஜ். எதிர்த்திசை யோசனையும் சிலர் சொல்வார்கள்: ஞாயிறு பிரச்சினைக்கு இன்வெர்ட்டரை 0.95-இல் ரியாக்டிவ் உறிஞ்ச வைத்தால் வோல்ட்டேஜ் இறங்கும் என்று. இந்த ஆலையில் கணக்குப் போட்டால் முழு வெளியீட்டில் சுமார் 20 கே.வி.ஏ.ஆர். உறிஞ்சி, கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சேர்த்து அரை வோல்ட் அளவுக்குத்தான் இறங்குகிறது. குட்டையான எல்.வி. கேபிளில் ரெசிஸ்டன்ஸ்தான் பெரிது, ரியாக்டன்ஸ் சிறிது. அந்த அரை வோல்ட்டுக்கு விலை, மாதம் சுமார் 2,500 கே.வி.ஏ.ஆர்-மணி கூடுதல். அது முழுவதும் மீட்டரில் ஏறினால் பவர் ஃபேக்டர் 0.61-க்குப் போய்விடும்.

அதனால் இந்த ஆலையின் தாளில் இன்வெர்ட்டர் பவர் ஃபேக்டர் 1.00 என்று நிலையாக எழுதினோம், ரியாக்டிவ் வேலையைக் கெபாசிட்டருக்கு விட்டோம், வோல்ட்டேஜ் வேலையை இன்வெர்ட்டரை இடம் மாற்றித் தீர்த்தோம். இடம் மாறியதால் கேபிள் நீளம், பிரேக்கர் இருக்கும் இடம், ஏற்றக் கணக்கு மூன்றும் மாறின. கெபாசிட்டர் பேங்கும் அதன் சி.டி.யும் வரைபடத்தில் புதிதாக ஏறின. திருத்திய வரைபடத்தையும் தாளையும் திருத்த எண், தேதியோடு டி.என்.பி.க்கு அனுப்பி, ஒரு பிரதியை லேமினேட் செய்து மெயின் போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அடுத்த முறை யாராவது திரையில் எண்ணை மாற்றப் போனால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்தப் பிரதியோடுதான்.